மாநாட்டில் பேசியதைக் கட்டுரைப் பகுதியாக எழுதுவது எப்படி?

பல மாநாடுகளில் நடைமுறை இதுதான். முதலில் ஆய்வுச்சுருக்கம் அனுப்புகிறோம். ஏற்றுக்கொண்டால் 20 நிமிடம் பேசுகிறோம். பிறகு மாநாட்டு மலருக்கு முழுக்கட்டுரை கேட்கிறார்கள். பேசியதை யாராவது தட்டச்சு செய்து கையில் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் பலரும் (நானும்தான்) எழுத்துப்படியைத் திறந்து, முதல் வரியிலிருந்து "பண்ணினோம்" என்பதைச் "செய்தோம்" என்று மாற்றிக்கொண்டே போகிறோம். கடைசியில் கிடைப்பது நல்ல தமிழில் எழுதிய பேச்சு. மதிப்பாய்வாளர் அதைக் கட்டுரை என்று ஏற்கமாட்டார்.

மேடையில் உங்கள் வாதத்தைச் சுமந்தது வாய் மட்டுமல்ல. பாதியை ஸ்லைடும், விரல் காட்டிய இடமும், குரலின் ஏற்ற இறக்கமும் சுமந்தன. எழுத்துப்படியில் அவை எதுவும் இல்லை. ஆகவே வாக்கியங்களைத் திருத்துவதில் பயனில்லை. உள்ளே இருக்கும் கூற்றுகளைப் பிரித்தெடுத்து, வேறு வரிசையில் புதிதாக எழுத வேண்டும். அந்த வழியை ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். உரையின் பொருள், கணித்தமிழில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொண்ட ஒன்று: திரையில் ஒன்றுபோலத் தெரியும் தமிழ்ச் சொல், கோப்புக்குள் இரண்டு விதமாக இருப்பதால் தேடலில் சிக்காமல் போவது.

1. முதலில் கோப்புகளைச் சேகரியுங்கள்

எழுத்துப்படி மட்டும் போதாது. ஒலி அல்லது ஒளிப்பதிவு, மேடையில் காட்டிய அதே ஸ்லைடுகள், ஏற்கப்பட்ட ஆய்வுச்சுருக்கம், மாநாட்டுக்காரர்கள் தரும் கட்டுரை வார்ப்புரு, உங்கள் மூலத் தரவு ஆகியவை ஒரே கோப்புறையில் இருக்கட்டும். ஸ்லைடு விஷயத்தில் கவனம் தேவை. மேடை ஏறுவதற்கு முந்தைய இரவு திருத்தியிருப்பீர்கள். மாநாட்டுக்குப் பிறகு வேறொரு கூட்டத்துக்காக மறுபடி மாற்றியிருப்பீர்கள். பேச்சில் "இந்த அட்டவணை" என்று வரும்போது எந்த அட்டவணை என்று தெரிய, அன்று ஓடிய கோப்பே வேண்டும். பேசி முடித்த அன்றே அதைப் பிடிஎஃப் ஆக்கி, தேதியோடு பெயரிட்டு வைத்துவிடுங்கள்.

பதிவு மாநாட்டுக்காரர்களிடம் இருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். அவர்கள் தொகுத்து வெளியிடும்வரை காத்திருந்தால் கட்டுரைக்கான கடைசித் தேதி போய்விடும். தொகுத்த பதிப்பில் கேள்வி பதில் பகுதியை வெட்டிவிடுவதும் உண்டு. உங்களுக்கு அந்தப் பகுதி கட்டாயம் வேண்டும். ஏன் என்பது ஏழாம் படியில் வருகிறது.

தட்டச்சுக்கு ஆள் வைப்பதானால், கூலி பெரும்பாலும் ஒலியின் நிமிடக் கணக்கில் பேசப்படும். விலை பேசும்முன் மூன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: சொன்னது சொன்னபடி வேண்டுமா அல்லது திக்கல் திணறல் நீக்கியது வேண்டுமா, நிமிடக் குறிப்பு வேண்டுமா, கேள்வி பதிலும் சேர்த்தியா. நான் சொல்வது, சொன்னது சொன்னபடி, நிமிடக் குறிப்போடு. "சுத்தம் செய்து தருகிறேன்" என்பவர் "ஏறக்குறைய", "பெரும்பாலும்" போன்ற சொற்களையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிடுவார். ஆய்வுக்கட்டுரையில் அந்தச் சொற்களுக்குத்தான் மதிப்பு.

நீங்களே தட்டச்சு செய்வதானால், பழகிய கைக்கே ஒரு மணி நேர ஒலிக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். 20 நிமிட உரைக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஒளிப்பதிவிலிருந்து ஒலியை மட்டும் பிரித்துக்கொண்டால் கோப்பு சிறிதாகும்:

```
ffmpeg -i talk.mp4 -vn -ac 1 -ar 16000 talk.wav
```

2. எழுத்துப்படியை ஒலியோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்

முழுவதையும் எழுத்தெண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று இடங்களில் மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.

முதலாவது எண்கள். "தொண்ணூறு", "தொள்ளாயிரம்" இரண்டும் வேகப் பேச்சில் தட்டச்சு செய்பவரை எளிதில் ஏமாற்றும். "எழுபது", "எழுநூறு" அப்படியே. இரண்டாவது எதிர்மறை. பேச்சுத்தமிழில் "வரல" என்று நாம் முடிப்பது சில நேரம் "வரலாம்" ஆகிவிடுகிறது, முடிவே தலைகீழாகும். மூன்றாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள். நம் எடுத்துக்காட்டில் ஒகரக் குறியின் யூனிகோடு எண்ணை U+0BCA என்று பேச்சாளர் சொன்னது, "பி", "சி" குழப்பத்தில் U+0BBA என்று பதிவாகலாம். யூனிகோடு அட்டவணையில் அந்த இடத்தில் எழுத்தே கிடையாது. இதைப் பிடிக்க ஒலி உதவாது. ஸ்லைடைப் பார்த்தால்தான் தெரியும்.

3. நான்கு நிறத்தில் குறியுங்கள்

இனி எழுத்துப்படியை அச்செடுத்தோ திரையிலோ வைத்து, நான்கு வகையாகக் குறியுங்கள்: கூற்று, சான்று, ஸ்லைடைச் சுட்டும் சொற்கள், அவையோடு பேசியது. நான் வைத்துக்கொண்ட மாதிரிப் பத்தி இது:

> "சரி, இப்ப இந்த ஸ்லைடப் பாருங்க. ரெண்டு 'கொடி' இருக்கு, பாக்க ஒண்ணுதான். ஆனா தேடல் பெட்டியில அடிச்சா மேல இருக்கறது மட்டும்தான் வருது. கீழ உள்ளது வரல. ஏன்னு பாத்தா, மேல ஒகரக் குறி ஒரே கோட். கீழ எகரக் குறி தனியா, கால் தனியா, ரெண்டா இருக்கு. பழைய கோப்புகள மாத்தும்போது வர்ற சிக்கல் இது. நாங்க ஒரு பெரிய தொகுப்ப எடுத்துப் பாத்தோம், நிறைய இடத்துல இப்படித்தான் இருக்கு. சரி பண்றது ரொம்ப ஈசி. நார்மலைஸ் பண்ணினா எல்லாம் சரியாயிடும்."

இதில் "சரி, இப்ப", "ரொம்ப ஈசி" போன்றவை அவையோடு பேசியவை. அடித்துவிடலாம். "இந்த ஸ்லைடு", "மேல", "கீழ" ஆகியவை சுட்டுச்சொற்கள். இவற்றை அடிக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது சுட்டிய பொருளை எழுதுங்கள்: மேலே உள்ளது U+0BCA, கீழே உள்ளது U+0BC6, U+0BBE. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் எழுத உட்கார்ந்தால் "மேற்கூறிய வடிவம்", "இரண்டாவது வடிவம்" என்று கட்டுரை முழுக்க நிழலாட்டமாக இருக்கும். வாசிப்பவருக்கு எது எது என்று பிடிபடாது.

4. கூற்றுகளைத் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள்

மொத்த வேலையில் அதிக நேரம் இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும். கூற்று என்று குறித்த ஒவ்வொன்றையும் எழுவாய், பயனிலையோடு முழு வாக்கியமாகத் தனித்தாளில் எழுதி, எதிரே அதற்கான சான்றை எழுதுங்கள். மேடையில் ஒரே மூச்சில் சொன்னதால் எல்லாம் ஒரே உறுதியோடு ஒலித்தவை, இங்கே வந்ததும் தரம் பிரிந்துவிடும்.

ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம் என்பது முதல் கூற்று. சான்று கைவசம் உண்டு. யூனிகோடு தரமே U+0BCA என்பதை U+0BC6, U+0BBE தொடருக்கு நிகர் என்று வரையறுக்கிறது. ஒன்றைத் தேடினால் மற்றது வராது என்பது இரண்டாவது. இதற்கு மேடையில் செய்துகாட்டியதே சான்று. ஆனால் "தேடல் பெட்டி" என்றால் எது? எல்லா மென்பொருளும் அப்படி நடந்துகொள்வதில்லை. சில, ஒப்பிடும் முன் இரண்டையும் தாமே ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிக்கொள்ளும். ஆகவே கூற்றைச் சுருக்க வேண்டும்: இயல்பாக்காமல் ஒப்பிடும் நிரலில் வராது.

பழைய கோப்புகளை மாற்றியதால் வந்தது என்பது மூன்றாவது. கேட்கும்போது நியாயமாக இருக்கும். டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் கொம்பு, மெய், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்பட்டது. மாற்றி நிரல் கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்திவிட்டு, காலோடு சேர்க்காமல் விட்டால் இப்படித்தான் இரண்டாக நிற்கும். ஆனால் இந்தத் தொகுப்பின் கோப்புகள் அந்த வழியாகத்தான் வந்தன என்று யாராவது பார்த்தார்களா? பார்க்கவில்லையென்றால் இது ஊகம். ஊகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். "காரணமாக இருக்கக்கூடும்" என்று எழுதி, அந்த வழிமுறையை ஒரு வரியில் விளக்குங்கள்.

"நிறைய இடத்துல" என்பது நான்காவது. அவையில் தலையாட்டிவிடுவார்கள், மதிப்பாய்வாளர் எத்தனை என்று கேட்பார். எண் ஸ்லைடில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இப்போதே எண்ணிவிடுங்கள்:

```python
import unicodedata
words = open("corpus.txt", encoding="utf-8").read().split()
n = sum(unicodedata.normalize("NFC", w) != w for w in words)
print(n, len(words))
```

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த எண்ணிக்கை ஒகரத்தை மட்டும் காட்டாது. பிரித்துச் சேமித்த ஓகாரம், ஔகாரம், தொகுப்பில் கலந்திருக்கும் பிற மொழிச் சொற்களில் இயல்பாக்கினால் மாறுபவை எல்லாம் சேர்ந்தே வரும். ஒகரம் பற்றித்தான் கூற்று என்றால் U+0BC6, U+0BBE தொடரைத் தனியாக எண்ணுங்கள்.

கடைசிக் கூற்று, "நார்மலைஸ் பண்ணினா எல்லாம் சரியாயிடும்". இது தவறு. பிரிந்த ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறிகளை NFC என்ற யூனிகோடு இயல்பாக்க வடிவம் சேர்த்துவிடும். ஆனால் ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடித்திருந்தால் NFC அதைத் தொடாது. யூனிகோடு கணக்கில் அவை நிகர் அல்ல. "கௌ" என்பதைக் கொம்பு போட்டு ள அடித்து எழுதியிருந்தாலும் இதே கதைதான். மேடையில் "எல்லாம்" என்பது முத்தாய்ப்புக்குச் சொல்லும் சொல். எழுத்தில் அது ஒரு கூற்று; அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. "எல்லாம்", "எப்போதும்", "யாரும் செய்யவில்லை" ஆகிய மூன்றையும் எழுத்துப்படியில் தேடி, ஒவ்வொன்றையும் சான்றோடு நிறுவுங்கள், அல்லது சுருக்குங்கள்.

5. வரிசையைத் திருப்பிப் போடுங்கள்

பேச்சில் முதலில் புதிர், பிறகு விடை. இரண்டு "கொடி"யைக் காட்டி, ஒன்று ஏன் வரவில்லை என்று ஏங்கவைத்து, பிறகு காரணத்தைச் சொல்கிறோம். கட்டுரையில் வாசிப்பவர் உங்கள் பகுதிக்கு வருவதே விடையைத் தேடித்தான். பகுதியின் முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டு, காரணம், பரவல், தீர்வு, எல்லை என்று போங்கள். கூற்றுகள் தனித்தாளில் இருந்தால், வாக்கியங்களை இடம் மாற்றிப் பார்ப்பது சில நிமிட வேலை. எங்கும் பொருத்த முடியாமல் ஒரு கூற்று மிஞ்சினால், பெரும்பாலும் அது வேறு பகுதிக்குரியது. மேற்கண்ட மாதிரியில் பழைய குறியாக்கங்களின் கதை அப்படிப்பட்டது. பின்னணிப் பகுதியில் ஏற்கெனவே எழுதியிருந்தால் இங்கே ஒரு வரி போதும்.

உட்தலைப்பு ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஸ்லைடின் தலைப்புகளை உட்தலைப்பாக்கும் ஆசை வரும். ஸ்லைடுகள் இருபது இருக்கும், கட்டுரை துண்டுதுண்டாகும்.

6. எழுத்துப்படியை மூடிவிட்டு எழுதுங்கள்

கூற்றுத்தாள் மட்டும் எதிரே இருக்கட்டும். எழுத்துப்படி திறந்திருந்தால் கண் தானாக அங்கே போகும், பேச்சின் வாக்கிய அமைப்பும் உடன் வரும். எழுதும் முன் கலைச்சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள். பேச்சில் அதே பொருளைக் "கோட்", "குறி", "எழுத்து" என்று மூன்று பெயரில் சொல்லியிருப்பீர்கள். முகபாவமும் கையும் குழப்பத்தைத் தீர்த்திருக்கும். எழுத்தில் குறியெண் என்றால் கடைசிவரை குறியெண். "குறி" என்பதை உயிர்க்குறிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பார்த்த பத்தி இப்படி மாறும்:

> 3. ஒகரக் குறியின் இருவகைச் சேமிப்பு
>
> இயல்பாக்காமல் ஒப்பிடும் தேடலில், "கொடி" என்ற ஒரே சொல் இருவேறு சொற்களாகக் கொள்ளப்படுகிறது. ஒகரக் குறியை U+0BCA என்ற ஒற்றைக் குறியெண்ணாகவும், U+0BC6, U+0BBE என்ற இரு குறியெண்களின் தொடராகவும் சேமிக்க முடிவதே இதற்குக் காரணம். இரண்டும் நிகரானவை என யூனிகோடு தரம் வரையறுக்கிறது. சோதித்த எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டின. ஆயினும் குறியெண்களை நேரடியாக ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறுபட்டவை.
>
> ஆய்ந்த தொகுப்பின் [மொத்தம்] சொற்களில் [எண்ணிக்கை] சொற்களில் ஒகரக் குறி பிரிந்த வடிவில் இருந்தது. பழைய குறியாக்கத்திலிருந்து மாற்றும்போது கொம்பையும் காலையும் சேர்க்காமல் விட்டது காரணமாக இருக்கக்கூடும். கோப்புகள் எங்கிருந்து வந்தன என்பது தனியே ஆராயப்படவில்லை.
>
> தொகுப்பையும் தேடுசொல்லையும் NFC வடிவுக்கு இயல்பாக்கினால் இவ்வேறுபாடு நீங்கும். ஔ என்பதற்குப் பதிலாக ஒ, ள என இரு எழுத்துகளை உள்ளிட்ட சொற்களை இம்முறை திருத்தாது. அவற்றுக்குத் தனி விதி தேவை.

"சோதித்த எழுத்துருக்கள்" என்று எழுதினால் எவை என்று முறைப் பகுதியில் பெயர் சொல்ல வேண்டும். சோதிக்கவில்லையென்றால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். சதுர அடைப்புகளைக் கண்ணில் படும் நிறத்தில் வையுங்கள். நிரப்பாமல் அனுப்பிவிட்ட கட்டுரைகளை அச்சிலேயே பார்த்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும், இப்போது மட்டும் எழுத்துப்படியைத் திறந்து, விட்டுப்போன கூற்று ஏதாவது உண்டா என்று ஒருமுறை ஓட்டுங்கள். சொல்நயத்துக்காகத் திறக்காதீர்கள்.

7. கேள்வி நேரத்தைப் பயன்படுத்துங்கள்

கட்டுரையின் எல்லைகள் பகுதிக்குச் சரக்கு பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். "ஔ வரும் இடத்தில் இது வேலை செய்யுமா?" என்று அவையில் ஒருவர் கேட்டிருப்பார், நீங்களும் சமாளித்திருப்பீர்கள். அச்சில் அதே கேள்வியை மதிப்பாய்வாளர் கேட்பதற்குள் பதில் கட்டுரையில் இருக்கட்டும். கேள்வியை உரையாடல் வடிவில் போட வேண்டாம்; மேலே உள்ள கட்டுரை மாதிரியின் மூன்றாம் பத்தியில் செய்ததுபோலக் கூற்றாக மாற்றிவிடுங்கள். கேட்டவர் சொன்ன யோசனையால் உங்கள் முறையே மாறியிருந்தால் நன்றியுரையில் பெயர் சேர்ப்பது முறை. ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. அனுப்பும் முன்

பக்க வரம்பை வார்ப்புருவில் கொட்டிப் பார்த்தே தீர்மானியுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலக் கட்டுரைக்குச் சொல்லும் சொல் எண்ணிக்கையை நம்பினால் பக்கம் தாண்டிவிடும். இரண்டு நெடுவரிசை வார்ப்புருவில் நீண்ட சொற்கள் வரியை உடைத்து இடைவெளி விடுவதும் நடக்கும். உடன் ஆசிரியர்கள் இருந்தால், மேடையில் நீங்கள் தனியாகப் பேசியதை அவர்கள் இப்போதுதான் முதல்முறை வாசிக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அவர்களுக்குக் குறைந்தது ஒரு வாரம் கொடுங்கள்; பதிப்புரிமைப் படிவத்தில் அவர்களின் ஒப்புதலும் தேவைப்படலாம். உரையின் காணொளி ஏற்கெனவே வெளியாகியிருந்தால் அதைப் படிவத்தில் அல்லது மின்னஞ்சலில் சொல்லிவிடுவது நல்லது.

தமிழ்க் குறியாக்கம் பற்றி எழுதுபவர்களுக்கு ஒரு தனிப் பொறியும் உண்டு. பிரிந்த "கொடி"யையும் சேர்ந்த "கொடி"யையும் கட்டுரையில் எடுத்துக்காட்டாகத் தட்டச்சு செய்திருப்பீர்கள். வெட்டி ஒட்டும்போதோ, பதிப்பாளரின் மென்பொருள் வழியாகப் போகும்போதோ இரண்டும் இயல்பாக்கப்பட்டு ஒன்றாகிவிடலாம். அச்சில் வித்தியாசமும் தெரியாது. நீங்கள் சொல்வது பொய் என்றுகூடத் தோன்றும். ஆகவே எடுத்துக்காட்டைக் குறியெண்களாகவே அட்டவணையில் கொடுங்கள்:

```
U+0B95 U+0BCA U+0B9F U+0BBF
U+0B95 U+0BC6 U+0BBE U+0B9F U+0BBF
```

இறுதிப் பிடிஎஃப் வந்ததும் ஒரு பத்தியை அதிலிருந்து நகலெடுத்து எளிய உரைத் தொகுப்பியில் ஒட்டிப் பாருங்கள். கொம்பு இடம் மாறியோ, எழுத்து கட்டம் கட்டமாகவோ வந்தால், தேடுபொறிக்கும் அப்படித்தான் தெரியும். எழுத்துருவை மாற்றியோ, வேறு வழியில் ஏற்றுமதி செய்தோ மறுபடி உருவாக்குங்கள். இதைக் கடைசித் தேதிக்கு முந்தைய இரவு செய்தால் மாற்ற நேரம் இருக்காது. வார்ப்புருவில் முதல் பத்தி ஏறிய அன்றே செய்து பார்த்துவிடுங்கள்.